அலாரம் அடித்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை

ஈரத்தரை

சமையலறை சிங்க் அடியில் மோட்டார் பால் வால்வு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பதினான்கு மாதம் முன்பு நானே பொருத்தினேன். அரை அங்குல பித்தளை வால்வு, 12 வோல்ட், மூன்று வயர். அலமாரித் தரையில் ஒரு சென்சார். பொருத்திய அன்று ஈரத்துணியை வைத்துப் பார்த்தேன். பீப் சத்தம் வந்தது, ஆறு வினாடியில் வால்வு மூடிக்கொண்டது. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

போன வாரம் ராத்திரி குழாய்க்குப் போகும் ஹோஸில் நட்டுக்கு ஒட்டின இடத்தில் வெடிப்பு விட்டது. சென்சார் அலறியதும் எழுந்து போனேன். கண்ட்ரோலரில் ‘மூடியது’ என்று சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் வெடிப்பிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிள் வால்வைக் கையால் திருகி மூடின பிறகுதான் நின்றது. மூடிவிட்டது என்று விளக்கே சொல்லும்போது தண்ணீர் எப்படி வரும்?

வயர்மேன்

வால்வின் தலையில் ஒரு சின்ன முள் இருக்குமே, O-வுக்கும் S-க்கும் நடுவில் திரும்புவது, அது இப்போது எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்கை நம்ப வேண்டாம். மூன்று வயர் வால்வு கண்ட்ரோலருக்குத் திரும்ப எந்தச் சேதியும் அனுப்பாது. ‘மூடச் சொல்லிவிட்டேன்’ என்பதைத்தான் அந்த விளக்கு ‘மூடியது’ என்று காட்டுகிறது.

ஈரத்தரை

பார்த்தேன். S கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது. ஒரு அரிசி அகலம் இருக்கும், அவ்வளவுதான். குழாயைத் திறந்து அடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தேன், மூன்று நிமிடத்தில் நிரம்பிவிட்டது.

சொட்டுநீர்

இதனால்தான் நான் பால் வால்வே வேண்டாம் என்கிறேன். சோலினாய்டு வால்வு போடுங்கள், கண் இமைக்கும் நேரத்தில் மூடும். என் வீட்டில் மூன்று வருஷமாக அதுதான் ஓடுகிறது.

வயர்மேன்

வேகத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் சாதாரண சோலினாய்டு வால்வு திறந்தே இருக்க வேண்டும் என்றால் நாள் முழுக்க மின்சாரம் போய்க்கொண்டே இருக்கணும். தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். மின்சாரம் கொடுத்தால் மூடும் வகையை வாங்கினால் கதை தலைகீழ். கரண்ட் இல்லாத நேரத்தில் கசிந்தால் அதனால் மூட முடியாது. உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகட்டின் துவாரத்தில் மண் அடைத்தால் சரியாக உட்காராது. பால் வால்வுக்குத் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும், அப்புறம் விட்ட இடத்திலேயே நிற்கும்.

ஈரத்தரை, உங்கள் கண்ட்ரோலர் மூடுவதற்கு எத்தனை வினாடி மின்சாரம் கொடுக்கிறது?

ஈரத்தரை

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பத்து வினாடி 12 வோல்ட் வருகிறது, அப்புறம் பூஜ்யம். பிறகு கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அடாப்டரிலிருந்து நேராக வால்வுக்குக் கொடுத்து நேரம் பார்த்தேன். முள் S-ஐத் தொட பதிமூன்று வினாடி ஆனது. தொட்டதும் மோட்டார் சத்தம் தானாக நின்றது, குழாயில் ஒரு சொட்டு கூட இல்லை.

வயர்மேன்

அப்போது விஷயம் இதுதான். பதினான்கு மாதம் அந்தப் பந்து திறந்த நிலையிலேயே அசையாமல் இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் பந்தின் மேல் வெள்ளையாகப் படியும். படியாவிட்டாலும், இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் டெஃப்லான் வளையத்தோடு பந்து ஒட்டிக்கொள்ளும். குட்டி மோட்டாருக்குச் சுமை ஏறினால் வேகம் குறையும். ஆறு வினாடி வேலை பதிமூன்று வினாடிக்கு இழுத்திருக்கிறது, கண்ட்ரோலர் பத்தாவது வினாடியிலேயே வெட்டிவிட்டது. கால் சுற்றில் கடைசித் துண்டு பாக்கி. பால் வால்வில் அந்தக் கடைசித் துண்டு திரும்பாமல் தண்ணீர் நிற்காது.

கண்ட்ரோலரில் நேரத்தை முப்பது வினாடிக்கு மாற்றுங்கள். உங்கள் வால்வுக்குள் லிமிட் சுவிட்ச் இருக்கிறது, அதனால்தான் S தொட்டதும் சத்தம் நின்றது. கூடுதல் நேரம் மின்சாரம் இருந்தாலும் மோட்டார் எரியாது. ஆனால் பழைய கைப்பிடி வால்வின் மேல் மாட்டித் திருப்பும் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். சிலவற்றில் லிமிட் சுவிட்ச் இருக்காது, முட்டிக்கொண்டு சூடேறும்.

மாடிவீட்டு அம்மா

எங்கள் வீட்டிலும் சிங்க் அடியில் கசிவுதான். பாத்திரம் கழுவும்போது மட்டும் கழிவுக் குழாயின் வளைவு சொட்டுகிறது. இந்த மோட்டார் வால்வு போட்டால் நின்றுவிடுமா?

வயர்மேன்

அம்மா, அது சிங்கிலிருந்து வெளியே போகிற தண்ணீர். வால்வு தடுப்பது உள்ளே வருகிற தண்ணீரை. உங்களுக்கு வேண்டியது அந்த வளைவின் நட்டைக் கழற்றி வாஷரை மாற்றுவது. சென்சார் வைத்தால் ‘சொட்டுகிறது’ என்று சொல்லும், குழாயையும் நிறுத்திவிடும், ஆனால் கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

அடுப்படி

என் அனுபவம் வேறு. சிங்க் அடியில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அதன் சுத்த நீர் பக்கம் இணைப்பு கழன்று தரை முழுக்கத் தண்ணீர். சென்சார் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தது, வாயே திறக்கவில்லை! அதே சென்சார் மேல் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உடனே அலறுகிறது. இரண்டு கம்பிக்கு நடுவே தண்ணீர் வழியாக மின்சாரம் ஓடினால்தான் அது கண்டுபிடிக்கும், ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது என்று பிறகுதான் புரிந்தது. இப்போது அந்த இயந்திரத்தை ஒரு தட்டில் வைத்து, தட்டில் மிதவை சுவிட்ச் வைத்திருக்கிறேன்.

சொட்டுநீர்

சென்சார் கம்பிக்கு நடுவில் ஒரு சிட்டிகை உப்பு தூவினால் போதுமே, ஆர்.ஓ. நீரும் உப்பு நீராகிவிடும்.

அடுப்படி

நானும் செய்து பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் மழை நாளில் உப்பே ஈரம் இழுத்து நடுராத்திரி அலாரம். கம்பியும் பச்சை பூத்துவிட்டது. உங்களுக்கு அப்படி ஆகவில்லையா?

சொட்டுநீர்

இதுவரை இல்லை. இன்று கழற்றிப் பார்க்கிறேன்.

ஈரத்தரை

முப்பது வினாடிக்கு மாற்றிவிட்டேன். நேரடி மின்சாரத்திலேயே பத்து முறை திறந்து மூடினேன். மூன்றாவது முறையில் குழாயில் வெள்ளைத் துகள் வந்தது, பத்தாவது முறையில் ஏழு வினாடிக்கு இறங்கிவிட்டது. இனி மாதம் ஒரு நாள் தானாக மூடித் திறக்கும்படி வைத்திருக்கிறேன், அன்றைக்குக் குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன். சென்சாரையும் பின்சுவர் ஓரம் தள்ளிவிட்டேன், ஏனென்றால் வெடிப்புத் தண்ணீர் ஹோஸ் மேலேயே ஊர்ந்து பின்னாடிதான் இறங்கியிருக்கிறது. பலகை அங்கேதான் உப்பியிருக்கிறது, முன்னால் வைத்திருந்த சென்சாருக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சுடுதண்ணீர் குழாய்க்கு என்னிடம் வால்வே இல்லை. அதற்கும் தனியாக ஒன்று போடுவதா, இல்லை வீட்டுக்கு வரும் மொத்தக் குழாயில் ஒன்றே ஒன்றைப் போட்டு முடிப்பதா?

வயர்மேன்

மொத்தக் குழாயில் போட்டால் இரண்டும் நிற்கும், ஆனால் நடுவில் உள்ள குழாய்களில் தேங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் வடியும். ஹீட்டர் தொட்டி சிங்கை விட உயரத்தில் இருந்தால் அதிலிருந்தும் இறங்கலாம். நான் சிங்க் அடியில் இரண்டு வால்வு வைப்பேன்.

அடுப்படி

நான் மொத்தக் குழாயில்தான் வைத்திருக்கிறேன். குளியலறைக் கசிவுக்கும் அதே வால்வு உதவுகிறது. ஈரத்தரை, உங்கள் ஹீட்டர் எங்கே இருக்கிறது?