காலையில் சோலார் தண்ணீர் ஏன் ஆறிப்போகிறது?

செல்வி: அண்ணா, எங்கள் மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் மாலை ஐந்து மணிக்குக் கை வைக்க முடியாத சூட்டில் வரும் தண்ணீர், விடியற்காலையில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. 200 லிட்டர் டேங்க், இரவில் யாரும் வெந்நீர் எடுப்பதில்லை.

கார்த்திக்: அத்தை, குழாய்க்குச் சுற்றிய கறுப்பு ஸ்பாஞ்ச் வெயிலில் வெடித்திருக்கும். புதிதாகச் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்டால் சரியாகிவிடும்.

ராஜம் அக்கா: எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான் செல்வி. போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொண்டது, ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள்.

முருகேசன்: அக்கா, உங்களுக்குத் தண்ணீர் வரத்துக் குறைந்தது, செல்விக்குச் சூடுதான் குறைகிறது. கார்த்திக் சொல்வது போல உறையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் ஏழு லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். அது ஆறினால் முதல் அரை வாளி வீணாகுமே தவிர, டேங்க் முழுவதும் ஆறாது. செல்வி, காலையில் வாஷ்பேசினின் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் எப்படி வருகிறது?

செல்வி: சில நாள் இளஞ்சூடாக வருகிறது அண்ணா. ராத்திரிப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முருகேசன்: அங்கேதான் சூடு போகிறது. சோலார் டேங்கின் அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர்க் குழாயை, குளியலறைக்கு இறங்கும் பொதுக் குழாயில் டீ ஜாயின்ட் போட்டு இணைத்திருப்பார்கள். கீழே ஃபிளஷையும் பேசினையும் சேர்த்துத் திறக்கும்போது மேல்தொட்டியிலிருந்து அவ்வளவு தண்ணீர் இறங்கி வராததால், சோலார் டேங்கின் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி இறங்கிவிடும். குழாயை மூடியதும் அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீர் நிரப்பும்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு, சோலார் டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டு, காலையில் திறந்த பிறகு வெந்நீர் பிடித்துப் பார். அப்போதும் ஆறியிருந்தால், டேங்கின் அடிப்பகுதி பேனலின் மேல்முனையைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் வெந்நீர் பேனலுக்குள் பின்னோக்கிச் சுழன்று ஆறிவிடும்.

செல்வி (மறுநாள்): அண்ணா, ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளித்தேன்!

கார்த்திக்: அப்படியானால் தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்ரிட்டன் வால்வு போட்டால் போதாதா பெரியப்பா?

முருகேசன்: போடலாம். ஆனால் மேல்தொட்டி டேங்கைவிட நாலைந்து அடிதான் உயரம் என்பதால், ஸ்பிரிங் வைத்த வால்வு வரத்தைக் குறைத்துவிடும். உப்புத் தண்ணீரில் தட்டு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எதைச் செய்தாலும் சோலார் டேங்கின் காற்றுக்குழாய் மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே திறந்தபடியே நிற்க வேண்டும். மேல்தொட்டியில் தனித்துளை போட்டு, சோலாருக்கு மட்டும் தனிக் குழாய் இழுப்பதே என் விருப்பம்.

செல்வி: தொட்டியில் துளை போட்டால் கசியும் என்று பிளம்பர் தயங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து பாருங்கள் அண்ணா. அதுவரை இரவில் வால்வை மூடிவைக்கிறேன்.