ஜெர்ம் டியூப் பாசிட்டிவ் என்று கொடுத்தேன், பெரிய ஆஸ்பத்திரியில் டிராபிகாலிஸ் என்று வந்துவிட்டது. எங்கே தப்பு?

கண்மாய்க்கரை லேப்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன ஊரில் ஒரு டயக்னாஸ்டிக் லேபில் கல்ச்சர் பகுதியை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். போன வாரம் நடந்தது இது.

சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மா, வயது 62, கதீட்டர் போட்டிருக்கிறார்கள். சிறுநீர் கல்ச்சரில் ஈஸ்ட் மட்டும் சுத்தமாக வளர்ந்தது. சீரத்தில் போட்டு ஜெர்ம் டியூப் பார்த்தேன், நீள நீளமாகக் குழல்கள் இருந்தன. கேண்டிடா அல்பிகன்ஸ் என்று ரிப்போர்ட் போனது. நாலு நாள் கழித்து அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே மெஷினில் போட்டதில் கேண்டிடா டிராபிகாலிஸ். டாக்டர் போன் பண்ணி, “குழல் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

குழல் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எப்படி இது? நல்ல வேளை, பிளேட்டைத் தூக்கிப் போடவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

வைகை மைக்ரோ

தங்கச்சி, இதே பாடத்தை நானும் இதே டிராபிகாலிஸிடம்தான் படித்தேன். முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள். சீரத்தில் போட்ட நேரம் என்ன, ஸ்லைடில் பார்த்த நேரம் என்ன? காலனியை எவ்வளவு எடுத்தீர்கள்? சீரம் யாருடையது, எத்தனை நாள் பழசு? கூடவே தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்றைக் கன்ட்ரோலாக வைத்தீர்களா?

சிவப்பு மூடி

நான் சொல்கிறேன். நேரம் போதாமல் எடுத்திருப்பீர்கள். நாங்கள் எப்போதும் மூணு, மூணரை மணி நேரம் விடுவோம், அப்போதுதான் குழல் நன்றாக நீளும். காலனியும் தாராளமாக ஒரு லூப் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபீல்டில் ஒன்றும் சிக்காது. மற்றபடி ஜெர்ம் டியூப் பாசிட்டிவ் என்றால் அல்பிகன்ஸ்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மெஷின்தான் தப்பாகச் சொல்லியிருக்கும்.

கண்மாய்க்கரை லேப்

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். 11:40-க்குப் போட்டேன். அன்றைக்கு டெங்கு சாம்பிள் குவிந்துவிட்டது. நான் ஸ்லைடு போடும்போது மணி நாலு. காலனி ஒரு லூப் நிறைய. சீரம், பயோகெமிஸ்ட்ரியில் மிஞ்சியதைச் சேர்த்து வைத்தது, இரண்டு வாரம் இருக்கும். கன்ட்ரோல் வைக்கவில்லை.

வைகை மைக்ரோ

சரி, கதை வெளியே வந்துவிட்டது. நாலேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த டிராபிகாலிஸ் நீளாமல் என்ன செய்யும்? இந்தச் சோதனையை 37 டிகிரியில் இரண்டு மணி நேரத்தில் பார்க்க வேண்டும், மிஞ்சினால் மூன்று. அதைத் தாண்டினால் டிராபிகாலிஸும் மொட்டை நீட்டி சூடோஹைஃபா போட ஆரம்பித்துவிடும். ஆகவே சிவப்பு மூடி சார், நீங்கள் சொல்கிற மூணரை மணி நேரம்தான் ஆபத்தான பக்கம். பாசிட்டிவ் என்றாலே அல்பிகன்ஸ் என்பதும் முழுக்கச் சரியில்லை, டப்ளினியென்ஸிஸும் குழல் விடும். நம் ஊர் சாம்பிளில் அது அபூர்வம் என்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம்.

இப்போது பார்வை. குழல் நீளமா, குட்டையா என்று பார்க்காதீர்கள். அது தாய்ச் செல்லை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். உண்மையான ஜெர்ம் டியூப் அகப்பைக் காம்பு மாதிரி. குழிவிலிருந்து காம்பு கிளம்பும் இடத்தில் இறுக்கம் கிடையாது, இரண்டு பக்கச் சுவரும் கடைசி வரை இணையாகப் போகும். சூடோஹைஃபா பூச்சரம் மாதிரி. ஒவ்வொரு பூவுக்கும் நடுவே நார் இறுக்கிக் கட்டியதுபோல, பிறக்கும் இடத்திலேயே ஒரு ஒடுக்கம் தெரியும். 10 லென்ஸில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 40-க்குப் போய், ஃபைன் ஃபோகஸை மெல்ல ஆட்டி, கழுத்தைப் பாருங்கள். செல் சாய்ந்து கிடந்தால் கழுத்து மறைந்துவிடும், அந்தச் செல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காலனி அளவும் முக்கியம். கூட்டம் கூடினால் அல்பிகன்ஸே குழல் விடாது. அரை மில்லி சீரத்தில் காலனியை ஊசி முனையால் தொட்டுக் கலக்கினால் போதும், லேசாக மங்க வேண்டும், மோர் மாதிரி ஆகக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீரத்தை அப்படியே இன்குபேட்டரில் வைத்தால் அது சூடாவதற்கே நேரம் போய்விடும். முதலில் அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

சிவப்பு மூடி

பதினைந்து வருஷமாக ஒரு லூப்தான் போடுகிறேன், குழல் வந்துகொண்டுதான் இருக்கிறது. நேரம் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

அபுதாபி தம்பி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். தொடை இடுக்குப் படர்தாமரை, தோல் சுரண்டல், கே.ஓ.எச். போட்டேன். வலை பின்னின மாதிரி ஃபீல்டு முழுக்க ஹைஃபா. பாசிட்டிவ் கொடுத்தேன். ஸ்கின் டாக்டர் தானே ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டுமா?

வைகை மைக்ரோ

தம்பி, அந்த இரண்டு மணி நேரம் சீரத்துக்கு. தோலுக்கு 10 சதவீதக் கே.ஓ.எச்.சில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நகத்துக்குத்தான் 20-லிருந்து 40 சதவீதம் வரை வேண்டும், பல சமயம் ராத்திரி முழுக்க விட வேண்டியிருக்கும்.

ஆனால் உங்கள் கேள்வி இந்த விவாதத்துக்குப் பொருத்தமானதுதான், இங்கேயும் சுவரைத்தான் படிக்க வேண்டும். அந்த வலையின் கோடுகள் தோல் செல்களின் ஓரத்தை ஒட்டியே ஓடினவா, செல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயினவா?

அபுதாபி தம்பி

ஓரத்தை ஒட்டித்தான். தேன்கூடு மாதிரி. அகலமும் அங்கங்கே மாறியது.

வைகை மைக்ரோ

அப்படியானால் அது மொசைக். செல்களுக்கு நடுவில் படிகிற பொருள் கோடாகத் தெரிந்து ஏமாற்றும். பூஞ்சை நம் செல்லின் எல்லையை மதிக்காது. குறுக்கே போகும், ஒரே அகலத்தில் போகும், நடுநடுவே தடுப்புச் சுவர் இருக்கும், அங்கங்கே கிளைக்கும். சந்தேகமாக இருந்தால் இன்னும் இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். மொசைக் பெரும்பாலும் மங்கிப்போகும், ஹைஃபா அப்படியே நிற்கும். கண்டன்சரை இறக்கி, ஐரிஸைப் பாதி மூடிப் பாருங்கள். வெளிச்சத்தை முழுக்கத் திறந்துவிட்டால் இருக்கிற ஹைஃபாவும் கரைந்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்பிரிட் விளக்கில் காட்டினீர்களா?

அபுதாபி தம்பி

ஆமாம், கொதி வரும் வரை. சீக்கிரம் தெளியட்டும் என்று.

வைகை மைக்ரோ

கொதிக்கக் கூடாது. கொதித்தால் கே.ஓ.எச். படிகமாகிவிடும், அதுவும் ஊசி ஊசியாகக் கண்ணைக் குழப்பும். கை பொறுக்கிற சூடு போதும். கவர் ஸ்லிப்புக்கு வெளியே வழிவதையும் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் 40 லென்ஸை அரித்துவிடும். எங்கள் லேபில் ஒன்றை அப்படித்தான் இழந்தோம்.

கண்மாய்க்கரை லேப்

தம்பிக்கு நான் ஒன்று சொல்லலாமா? எங்களிடம் வருகிற பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கலவைக் க்ரீம் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். சுரண்டும் முன் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைக்காவிட்டால் க்ரீமின் எண்ணெய்த் துளி ஈஸ்ட் மாதிரியே உருண்டு உருண்டு தெரியும். நடுவில் சுரண்டாமல், வளையத்தின் சிவந்த ஓரத்தில் சுரண்டினால்தான் கிடைக்கிறது.

வைகை மைக்ரோ

சரியாகச் சொன்னீர்கள். அந்தக் கலவையில் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் நெகட்டிவ் வந்தாலும், ஹைஃபா தென்படவில்லை என்று மட்டும் எழுதுங்கள். பூஞ்சை இல்லை என்று எழுதாதீர்கள்.

கண்மாய்க்கரை லேப் (மூன்று நாள் கழித்து)

பக்கத்து ஊர் லேபில் உறுதிசெய்த அல்பிகன்ஸ் ஸ்லோப் ஒன்று வாங்கி வந்தேன். அந்த அம்மாவின் ஈஸ்ட்டைப் புது எஸ்.டி.ஏ. பிளேட்டில் போட்டு, இரண்டும் ஒரு நாள் வளர்ந்த பிறகு செய்தேன். புதுச் சீரம், அரை அரை மில்லி, நாலு டியூப். அல்பிகன்ஸ் தொட்டது ஒன்று, அல்பிகன்ஸ் லூப் நிறைய ஒன்று, அந்த அம்மாவுடையது தொட்டது ஒன்று, எதுவும் போடாத வெறும் சீரம் ஒன்று. போனில் அலாரம் வைத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் தொட்ட அல்பிகன்ஸில் ஃபீல்டுக்கு ஃபீல்டு அகப்பைக் காம்பு. லூப் நிறையப் போட்டதில் தேடித்தேடிப் பார்த்ததில் இரண்டு மூன்று மட்டும், மீதியெல்லாம் உருண்டை. அந்த அம்மாவுடையதில் மொட்டுகள்தான், குழல் ஒன்றுகூட இல்லை. மூன்று மணி நேரத்திலும் அப்படியே. ஆசைக்கு அதே டியூபை நாலரை மணி நேரம் விட்டேன். போன வாரம் பார்த்த அதே நீளக் குழல்கள்! ஆனால் இந்த முறை கழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இறுக்கம் இருக்கிறது. வெறும் சீரம் சுத்தமாக இருந்தது.

குரோம் அகாரிலும் போட்டேன், நீலமாக வந்தது. டாக்டருக்குப் போன் பண்ணித் திருத்திய ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். “சரி” என்றார், அவ்வளவுதான்.

சிவப்பு மூடி

லூப் நிறைய விஷயத்தை நானும் நாளைக்குச் செய்து பார்க்கிறேன். ஒரு கேள்வி: சீரத்துக்குப் பதில் முட்டை வெள்ளைக்கரு போடலாம் என்று ஒருவர் சொன்னார். செலவு மிச்சம்.

வைகை மைக்ரோ

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சீரத்தை விடமாட்டேன், ஏனென்றால் என் கன்ட்ரோல் எல்லாம் சீரத்தில்தான் பழகியது. முட்டையில் செய்தால் கன்ட்ரோலையும் அதே முட்டையில் வையுங்கள். மிஞ்சின பேஷண்ட் சீரத்தைச் சேர்ப்பதை மட்டும் இரண்டு பேரும் நிறுத்துங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பார்க்காத சீரத்தைக் கையாளக் கூடாது. அதில் யாராவது ஃப்ளூகோனசோல் சாப்பிட்டவர் இருந்தால் ஈஸ்ட் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. சோதித்ததைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 20-ல் வைத்து, ஒன்றொன்றாக எடுங்கள்.

கண்மாய்க்கரை லேப்

அக்கா, இன்னொன்று மட்டும். இன்று ஒரு வெஜைனல் ஸ்வாப். குரோம் அகாரில் நல்ல பச்சை. கன்ட்ரோல் குழல் விட்டது, சீரத்தில் குறையில்லை. தொட்டுத்தான் போட்டேன். மூன்று மணி நேரம் ஆகியும் குழல் இல்லை. இதை அல்பிகன்ஸ் என்று எழுதலாமா?

சிவப்பு மூடி

பச்சை என்றால் எழுதிவிடுங்கள். குழல் விடாத அல்பிகன்ஸ் நூற்றுக்கு ஐந்தாவது இருக்கும்.

வைகை மைக்ரோ

இருக்கும்தான். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி நான் எழுதமாட்டேன். சோளமாவு அகாரில் ட்வீன் 80 சேர்த்துக் கோடு கிழித்து, கவர் ஸ்லிப் போட்டு, 25 டிகிரியில் மூன்று நாள் விடுங்கள். தடித்த சுவருள்ள உருண்டைக் கிளாமிடோஸ்போர் நுனியில் வந்தால் எழுதுங்கள். அதுவரை கேண்டிடா இனம் என்றே போகட்டும்.

கண்மாய்க்கரை லேப்

சோளமாவு அகார் ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வரும். பாத்தாலஜிஸ்ட் இப்போதே ரிப்போர்ட் கேட்கிறார். கேண்டிடா இனம் என்று கொடுத்துவிட்டுப் பிளேட்டை எடுத்து வைக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.