a_n எல்லாமே -0.02 வருது, பூஜ்யம் வரவேண்டாமா?

கேட்டவர்: அலைவரிசை
ஃபூரியர் தொடர். சைன் கெழுக்கள் சரியா வருது, காஸ் கெழுக்கள் மட்டும் பூஜ்யமாக மாட்டேங்குது. எந்த n போட்டாலும் அதே -0.02. நாளைக்குள்ள முடிக்கணும், உதவுங்க.

புள்ளிக்கோலம்
என்ன சார்பு? அலைவு நீளம் எவ்வளவு? கையால தொகையிட்டீங்களா, கணினியிலயா?

பழைய உறுப்பினர்
காஸ் பூஜ்யம்னா ஒற்றைச் சார்பு. இது முதல் பாடம். பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் கேள்வி போட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

மின்னல்
கிப்ஸ் விளைவுதான். தாவல் இருக்கிற இடத்துல எப்பவும் இப்படித்தான், இன்னும் நிறைய உறுப்புகள் சேர்த்துப் பாருங்க.

அலைவரிசை
f(x) = x, 0 முதல் 2 வரை, அப்புறம் அதே மறுபடி மறுபடி. கோடு இது:

```python
import numpy as np
N = 100
x = np.arange(N) * 2 / N
f = x.copy()
for n in range(1, 11):
    print(n, np.sum(f*np.cos(n*np.pi*x))*2/N)
```

புள்ளிக்கோலம்
இதை முதல்லயே போட்டிருக்கலாம். கிப்ஸ் இல்லை. அது தொடரைக் கூட்டி வரையும்போது தாவல் பக்கத்தில் வரும் துள்ளல். ஒவ்வொரு கெழுவும் தனித்தனித் தொகை, எத்தனை உறுப்பு சேர்க்கிறோம் என்பது அதைத் தொடவே தொடாது.

ஒற்றைச் சார்பு என்பதும் அப்படியே பொருந்தாது. 0 முதல் 2 வரை ஓடும் இந்த ரம்பப் பல்லுக்குச் சராசரி 1. அந்த 1-ஐக் கழித்தால் மிஞ்சும் x-1 தான் x=1-ஐச் சுற்றி ஒற்றை. cos(nπx) அதே புள்ளியைச் சுற்றி இரட்டை, அதனால் அந்தப் பெருக்கலின் தொகை பூஜ்யம். கழித்த 1-க்கும் காஸுக்கும் ஒரு முழு அலைவில் தொகை பூஜ்யம். ஆக a_n = 0 என்பது சரி.

இப்போ கோடு. உங்க புள்ளிகள் 0, 0.02, ... 1.98. தாவல் x=0-ல் இருக்கு: இடப்பக்கம் 2, வலப்பக்கம் 0. நீங்க அங்கே 0 எடுத்திருக்கீங்க, நடு மதிப்பு 1 எடுக்கணும். அந்த ஒரு புள்ளியில் குறைந்த 1-ஐப் படியகலம் 2/N-ஆல் பெருக்கினால் 0.02. x=0-ல் காஸ் எல்லா n-க்கும் 1, அதனாலதான் எல்லாக் கெழுவும் ஒரே அளவு தப்புது. சைன் அங்கே 0, அதனால அது தப்பிச்சது. N=200 போட்டுப் பாருங்க, -0.01 வரணும். வந்தா இதுதான் காரணம். `f[0] = 1` போட்டுடுங்க.

பழைய உறுப்பினர்
நான் சொன்னதையேதான் நீட்டி எழுதியிருக்கீங்க. அப்புறம், சராசரி 1-ன்னா a_0 = 2, தொடர்ல a_0/2 எழுதணும். அதை விட்டுட்டீங்க.

கீழ்க்கோடு
a_0-ஐயே சராசரின்னு வெச்சா அந்த /2 எதுக்கு? 1-ஐ அதாலேயே பெருக்கித் தொகையிட்டா முழு அலைவு 2, cos²-க்கு 1. அந்த ரெண்டு மடங்கை எங்கே மறைக்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

பழைய உறுப்பினர்
ஒரே சூத்திரம் எல்லா n-க்கும் ஓடணும்னா /2 வேணும். சௌகரியத்துக்கும் மதிப்பு உண்டு.

ராகம்
எனக்கும் இதே மாதிரி. 0 முதல் π வரைக்கும் sin x, cos 2x பெருக்கலின் தொகை பூஜ்யம் வரலை, -2/3 வருது. அங்கேயும் ஒரு புள்ளியை மாத்தணுமா?

கீழ்க்கோடு
இல்லை, அது வேற. நீங்க பாதி அலைவுல தொகையிடறீங்க. சைனும் காஸும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிறது முழு 2π-ல தான். -2/3 சரியான விடை, கணினி பிழை இல்லை. பாதி நீளம்தான் வேணும்னா சைன் மட்டும், இல்ல காஸ் மட்டும் எடுங்க. ரெண்டையும் கலந்தா கெழுவைத் தனியாப் பிரிக்க முடியாது.

அலைவரிசை
N=200-க்கு -0.01. f[0]=1 போட்டதும் 10^-16 அளவுக்கு வந்துடுச்சு. நன்றி.

புள்ளிக்கோலம்
சைன் கெழுவையும் முழுசா நம்பாதீங்க. உண்மையான b_n = -2/(nπ). உங்க கோடு தருவது -(2/N)·cot(πn/N). n=1-ல் -0.6364, உண்மை -0.6366, பரவாயில்லை. n=25-ல் -0.02, உண்மை -0.0255. n=50-ல் நேராகப் பூஜ்யம், ஏன்னா எல்லாப் புள்ளியும் sin(50πx)-ன் பூஜ்யத்திலேயே விழுது. N-ல் பத்தில் ஒரு பங்கு n-க்கு மேல் போகாதீங்க.

மின்னல்
சிம்ப்சன் விதி போட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

புள்ளிக்கோலம்
சிறிய n-க்குச் சரி, ஆனா x=2-ல் f=2 வெச்சு 101 புள்ளி எடுக்கணும். n=40-க்குப் போட்டுப் பாருங்க: சிம்ப்சன் -0.027, உண்மை -0.0159.

மின்னல்
அப்போ காஸியன் குவாட்ரேச்சர்?