உப்பு நீரின் ε″ மதிப்பில் இருமுனைப் பங்கையும் அயனிப் பங்கையும் பிரிப்பது எப்படி?

வணக்கம். மைக்ரோவேவில் உப்பு நீர் சூடாவதைக் கணக்கிடுகிறேன்; ஓரிடத்தில் உங்கள் உதவி தேவை.

2.45 கிகாஹெர்ட்ஸில், 25 டிகிரி செல்சியஸில், தூய நீரின் கலப்பெண் விடுதிறனில் மெய்ப்பகுதி ε′ ஏறக்குறைய 78, கற்பனைப்பகுதி ε″ ஏறக்குறைய 10; எனவே இழப்பு டேன்ஜென்ட், tan δ = ε″/ε′, சுமார் 0.13. திசை மாறிக்கொண்டே இருக்கும் புலத்தோடு திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் சற்றே பின்தங்குவதால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி புலத்தோடு ஒரே கட்டத்தில் அமைந்து, ஒவ்வொரு சுற்றிலும் புலத்துக்குத் திரும்பாத ஆற்றல் வெப்பமாகிறது. P = ωε₀ε″E² என்பதன்படி, நீருக்குள்ளே புலத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பு மீட்டருக்கு 1000 வோல்ட் என்றால், ஒரு கன சென்டிமீட்டரில் 1.36 வாட், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 0.3 டிகிரி ஏற்றம் கிடைக்கிறது.

உப்பு சேரும்போது அயனிக் கடத்தலால் ε″ உடன் σ/(ωε₀) கூடுகிறது. கடத்துதிறன் σ மீட்டருக்கு 1 சீமென்ஸ் எனில் அது 7.3, சிறிய தொகையல்ல. மேலும், வெப்பநிலை ஏற ஏற இருமுனைப் பங்கு குறைகிறது, அயனிப் பங்கோ கூடுகிறது. என்னிடம் இருப்பது 2.45 கிகாஹெர்ட்ஸில் எடுத்த அளவீடுகள் மட்டுமே. ஒவ்வொரு வெப்பநிலையிலும் σ மதிப்பைக் கடத்துதிறன் மீட்டரால் அளந்து, அந்தப் பங்கைக் கழித்து, மிஞ்சுவதை இருமுனை இழப்பாகக் கொள்வது சரியா? அல்லது அயனிப் பங்கு எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் 300 மெகாஹெர்ட்ஸிலும் அளந்தே தீர வேண்டுமா? இத்தகைய அளவீட்டில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.