பெரியப்பா இரண்டாவது முறை பணம் கட்டுவதற்குள் உதவுங்கள்

வணக்கம். என் பெரியப்பாவுக்கு லண்டன் வழக்கறிஞர் என்று ஒருவர் மூன்று மாதமாக மின்னஞ்சல் அனுப்புகிறார். வாரிசு இல்லாமல் இறந்த ஒருவரின் 'குடும்பப் பெயர்' பெரியப்பாவுடையதோடு ஒத்துப்போகிறதாம், அதனால் சொத்து இவருக்கே சேருமாம். எங்கள் வீட்டில் குடும்பப் பெயரே கிடையாது. பெயருக்குப் பின்னால் இருப்பது தாத்தாவின் பெயர். இதைச் சொன்னாலும் அவர் கேட்கவில்லை.

போன மாதம் 'பரிமாற்றக் கட்டணம்' என்று 48,000 ரூபாய் அனுப்பிவிட்டார். லண்டன் கட்டணம் போனது இங்குள்ள ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு. இப்போது 'வரிச் சான்றிதழ்' என்று 1,20,000 கேட்கிறார்கள். உண்மையான சொத்து என்றால் செலவைச் சொத்திலிருந்தே கழித்துக்கொள்வார்களே!

இங்கிலாந்து சொலிசிட்டர்களின் பதிவேட்டை இணையத்தில் பார்த்தேன். அந்தப் பெயரில் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். பெரியப்பா அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருடைய அலுவலக முகவரி வேறு, நமக்கு வருவது ஜிமெயிலிலிருந்து. பெயரைத் திருடியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன், வங்கிக்கும் எழுதினேன். ஒரு மாதம் தாண்டிய பிறகு யாருக்காவது பணம் திரும்பக் கிடைத்திருக்கிறதா? அப்புறம், பதிவேட்டில் உள்ள அந்த நிஜ வழக்கறிஞருக்கே எழுதிக் கேட்டால் பதில் வருமா? 'நான் அனுப்பவில்லை' என்று அவர் ஒரு வரி எழுதினால் பெரியப்பா நம்புவார். வெள்ளிக்கிழமை பணம் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.