டிஎம்டிடி: தமிழில் என்ன பெயர்?

மதிவாணன்:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி ஆசிரியர்களுக்கான மனநலக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'டிஸ்ரப்டிவ் மூட் டிஸ்ரெகுலேஷன் டிஸார்டர்' என்ற பெயர் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சுருக்கமாக டிஎம்டிடி. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி கோபம் வெடிப்பதும், வெடிக்காத நேரத்திலும் அந்தப் பிள்ளை எரிந்து விழுந்துகொண்டே இருப்பதும் இதன் அடையாளம்.

சொல்லுக்குச் சொல் மாற்றி 'சீர்குலைக்கும் மனநிலை ஒழுங்கின்மைக் கோளாறு' என்று எழுதினேன். வாசித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. அதைவிட மோசம், 'ஒழுங்கின்மை' என்ற சொல்லைப் பார்க்கும் ஆசிரியர் அதை 'ஒழுங்கீனம்' என்றே எடுத்துக்கொள்வார். பிரம்பு ஒழிந்த இடத்தில் இந்தச் சொல் வந்து நிற்க வேண்டாம். இப்போதைக்கு 'தொடர் எரிச்சல் கோளாறு' என்று வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கதிரேசன்:

எனக்கும் ஆறு மாதமாகத் தொடர் எரிச்சல் இருக்கிறது. சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, காரத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஓரளவு பலன் தெரிகிறது. குழந்தைகளுக்குமா இப்போது வருகிறது?

மதிவாணன்:

கதிரேசன் ஐயா, நான் சொன்னது நெஞ்செரிச்சல் இல்லை, மன எரிச்சல். ஆனாலும் உங்களுக்கு நன்றி. தலைப்பை மட்டும் பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதைக் காட்டிவிட்டீர்கள். 'எரிச்சலை' எடுத்துவிடுகிறேன்.

சிவகாமி:

நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். 'முன்கோபம்' என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? 'முன்கோப நோய்' என்றால் யாருக்கும் புரியுமே.

நவீன்:

புதுப் பெயரே தேவையில்லை என்பது என் கருத்து. இது குழந்தைகளுக்கு வரும் இருமுனைக் கோளாறுதான், அதாவது மனம் பித்து நிலைக்கும் சோர்வு நிலைக்கும் மாறிப் போகும் நோய். பெரியவர்களிடம் பித்து நிலை மிகை மகிழ்ச்சியாகத் தெரியும். குழந்தைகளிடம் எரிச்சலாகத் தெரியும் என்று படித்திருக்கிறேன். 'குழந்தைப் பருவ இருமுனைக் கோளாறு' என்று எழுதிவிடலாம்.

வாசுகி:

நான் குழந்தை மனநல மருத்துவர். வழக்கமாக இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. நவீன் சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நவீன், நீங்கள் சொல்வதில் பாதி சரி. பித்து நிலையில் எரிச்சலும் வரலாம். ஆனால் எரிச்சல் மட்டும் இருந்தால் அது பித்து ஆகாது. இந்தக் குழப்பத்தால்தான் டிஎம்டிடி என்ற பெயரே பிறந்தது. 1990களில் அமெரிக்காவில், நீங்கள் சொல்லும் கருத்து பரவலாகி, ஓயாமல் எரிந்து விழும் குழந்தைகளுக்கெல்லாம் இருமுனைக் கோளாறு என்று எழுதினார்கள். 1994-95க்கும் 2002-03க்கும் இடையில், இளம் வயதினரிடம் அந்த நோய் என்று பதிவான மருத்துவச் சந்திப்புகள் ஏறத்தாழ 40 மடங்காயின. அந்நாட்டுத் தேசிய மனநல நிறுவனத்தில் எல்லன் லீபன்லஃப்ட் குழுவினர் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். வளர்ந்தபோது அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும்தான் மிகுதியாகத் தெரிந்தன. பித்து நிலை வந்தவர்கள் அரிது. இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலான பலன் தரவில்லை. பெயர் தவறினால் மருந்தும் தவறும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 நோய்த் தொகுப்பில் தனிப் பெயர் கொடுத்து, மனச்சோர்வுக் குடும்பத்தில் சேர்த்ததற்கு இதுதான் பின்னணி.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. வயது ஒன்பது. சித்தப்பாவுக்கு இருமுனைக் கோளாறு இருந்ததால் தந்தை ஒரு முடிவோடுதான் அழைத்து வந்தார். பையனிடம் தாளும் பென்சிலும் கொடுத்தேன். வரைந்துகொண்டிருக்கும்போது முனை உடைந்தது. உடைந்த முனையைச் சில நொடிகள் பார்த்தான். பிறகு தாளைக் கிழித்து, நாற்காலியை உதைத்து, இருபது நிமிடம் கத்தினான். அடங்கியதும் வேறு பென்சிலை வாங்கி மறுபடி வரைந்தான். நான் கவனித்தது அந்த இரண்டாவது படத்தை வரையும்போது இருந்த முகத்தை. புருவம் அவிழவே இல்லை. "சரியாகிவிட்டதா?" என்று கேட்டதற்கு, "எதுவுமே சரியில்லை" என்றான். வீட்டிலும் எப்போதும் இதே முகம்தான் என்றார் தாய்.

நான்கு வாரம் குறித்து வரச் சொன்னேன். 28 நாளில் 17 வெடிப்புகள். இந்த நோய் என்று சொல்ல வாரத்துக்குச் சராசரி மூன்று போதும். இவனுக்கு நான்கைத் தாண்டியது. பள்ளியிலிருந்தும் ஆசிரியர் எழுதி அனுப்பினார்: இடையிடையே வகுப்பிலும் வெடிக்கிறான், பக்கத்தில் உட்கார யாரும் முன்வருவதில்லை. ஒன்றரை ஆண்டாக இப்படி. பாட்டி வந்திருந்தபோது ஐந்து நாள் அமைதியாக இருந்தானாம். தொடர்ந்து மூன்று மாதம் அப்படி இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். ஐந்து நாள் கணக்கில் வராது.

தந்தையின் சந்தேகத்தை ஒரு கேள்விதான் தீர்த்தது. "இரவு பதினொன்று வரை தூங்குவதில்லை" என்றார். மறுநாள் காலை எப்படி இருப்பான் என்று கேட்டேன். "எழுப்பவே முடியாது, அதிலும் ஒரு சண்டை." பித்து நிலையில் இருப்பவர் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு விடியுமுன் தெம்பாக எழுந்து நிற்பார். இவனுக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கத்தின் தேவை குறையவில்லை. அடுத்ததாக, "இது எந்த நாளில் தொடங்கியது?" என்றேன். இருவராலும் சொல்ல முடியவில்லை. இதற்கு நேர்மாறாகப் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் தாய், "அந்தத் திங்கட்கிழமையிலிருந்து இவள் என் மகளாகவே இல்லை" என்று தேதியோடு சொன்னார். ஒரு வாரத்துக்கு மேலாக ஓயாத பேச்சு, ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும் எண்ணங்கள், உலகையே மாற்றிவிடும் திட்டங்கள். பிறகு அது வடிந்து பழைய பெண் திரும்பினாள். இருமுனைக் கோளாறு இப்படித்தான் வந்து போகும். டிஎம்டிடி வந்து போவதில்லை, அதிலேயே இருக்கிறது.

சிவகாமி அம்மா, 'முன்கோபம்' வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். முன்கோபிக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும், பிறகு சிரிப்பார். இந்தப் பையனுக்குப் 'பிறகு' என்ற ஒன்றே இல்லை.

பூங்கொடி:

டாக்டர், என் மகனுக்கு ஏழு வயது. வாரத்தில் மூன்று நாளாவது வீட்டுப்பாடம் என்றதும் புத்தகத்தை வீசி எறிந்து தரையில் புரள்கிறான். அரை மணியில் எல்லாம் முடிந்து, என் மடியில் படுத்துக் கதை கேட்கிறான். பள்ளியில் ஒரு குறையும் சொல்வதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. இவனுக்கும் அதுதானா?

வாசுகி:

பூங்கொடி, பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதில் வெடிப்பு இருக்கிறது. இடையிலே இருக்க வேண்டிய சிடுசிடுப்பு இல்லை. வீடு, பள்ளி, நண்பர்கள் என்ற மூன்றில் இரண்டு இடத்திலாவது வெளிப்பட வேண்டும்; அதுவும் இல்லை. ஆகவே இந்தப் பெயர் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டுப்பாடத்தின்போது மட்டும் வருகிறது என்றால், வாசிப்பதிலோ எழுதுவதிலோ அவனுக்கு ஏதாவது இடர் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. புத்தகத்தை எந்தப் பக்கத்தில் வீசுகிறான் என்று கவனியுங்கள்.

சிவகாமி:

முன்கோபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதைப் படித்ததும் பழைய வைத்தியப் பேச்சு நினைவுக்கு வந்தது. வந்து விட்டு மறுபடி வருவது முறைக்காய்ச்சல். இறங்காமல் காய்வது விடாக்காய்ச்சல். விடாக்காய்ச்சலிலும் சூடு திடீரென்று ஏறும். ஏறி இறங்கிய பிறகும் தொட்டால் உடம்பு சுடும். அந்தப் பையனின் புருவம் அதுதானே? 'விடாச் சிடுசிடுப்பு' என்று வையுங்கள். 'விடா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; சகரம் மிகும். ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

மதிவாணன்:

அம்மா, இது காதில் விழுந்தவுடனே ஒட்டிக்கொள்கிறது. 'தீராச் சிடுசிடுப்பு' என்றும் யோசித்திருந்தேன். 'தீரா' என்றால் குணமாகாது என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். 'விடா'வில் அந்த அபசகுனம் இல்லை. அப்படியானால் இருமுனைக் கோளாற்றை 'முறைச்' சொல்லால் குறிக்கலாமா?

வாசுகி:

அது வேண்டாம். முறைக்காய்ச்சல் நாள் கணக்குத் தவறாமல் வரும். இருமுனைக் கோளாறுக்கு அப்படி ஒரு முறை கிடையாது. இரண்டு பித்து நிலைகளுக்கு நடுவே பல ஆண்டுகள்கூட ஓடலாம். ஏற்கெனவே புழங்கும் சொல்லை அசைக்காதீர்கள். 'விடாச் சிடுசிடுப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் வெடிப்பு இல்லையே? வெடிப்பும் இடைநிலையும் இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய்.

நவீன்:

நான் பாதி சரி என்பதை ஏற்கிறேன். மற்றப் பாதிக்காகத் தேடியதில் வேறொன்று கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 தொகுப்பு டிஎம்டிடியைத் தனி நோயாக ஏற்கவில்லை. எதிர்த்து நடக்கும் கோளாறு என்பதற்குள், 'நீடித்த எரிச்சலும் கோபமும் உள்ள வகை' என்று ஒரு பிரிவாக வைத்திருக்கிறது. பாதி உலகம் ஏற்காத பெயருக்கா நாம் சொல் தேடுகிறோம்?

வாசுகி:

நியாயமான கேள்வி. ஒரு தொகுப்பு இதை மனநிலைச் சிக்கல் என்கிறது, இன்னொன்று நடத்தைச் சிக்கலின் பக்கம் வைக்கிறது. எங்களுக்குள்ளேயே வழக்கு முடியவில்லை. டிஎஸ்எம்-5இன் 2010 வரைவில் இதன் பெயரில் 'டெம்பர்' இருந்தது. அச்சில் வரும்போது 'மூட்' ஆனது. ஆங்கிலத்திலேயே பெயர் ஒருமுறை மாறியிருக்கிறது. இரு தொகுப்புகளும் ஒப்புக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: அந்தச் சிடுசிடுப்பு விட்டு விட்டு வருவது அல்ல. அதனால் தமிழ்ப் பெயரில் 'மனநிலை', 'நடத்தை' என்ற இரண்டுமே இல்லாமல் இருப்பது நல்லதுதான்.

மதிவாணன்:

வரைவில் இப்படி எழுதுகிறேன்: நோய்க்கு 'விடாச் சிடுசிடுப்புக் கோளாறு', வெடிப்புக்குத் தனியாகச் 'சினவெடிப்பு'. முதல் முறை வரும் இடத்தில் டிஎம்டிடி என்றும் சேர்ப்பேன். பெயரில் இல்லாத வெடிப்பை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

சிவகாமி:

ஒரு கவலை மிச்சம். வகுப்பறையில் ஏற்கெனவே 'சிடுமூஞ்சி' என்று ஒரு வசைச்சொல் உண்டு. கையேட்டைப் படித்த ஆசிரியர் ஒருவர் வாய்தவறிச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிடாதா? 'கடுகடுப்பு' என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அது முகத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே போகவில்லை.

பூங்கொடி:

நேற்றும் இன்றும் கவனித்தேன். இரண்டு நாளும் உரக்க வாசிக்க வேண்டிய பக்கத்தில்தான் வீசினான். கணக்குப் புத்தகத்தை வீசவே இல்லை.

மதிவாணன்:

சிவகாமி அம்மா, இதற்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு சொல்லையும் இரண்டு தாளில் எழுதி, எனக்குத் தெரிந்த நான்கு ஆசிரியர்களிடம் விளக்கம் சொல்லாமல் கொடுக்கப்போகிறேன். எந்தப் பிள்ளை அவர்கள் நினைவுக்கு வருகிறான் என்று கேட்டு, அடுத்த வாரம் இங்கே எழுதுகிறேன்.