பல்தொழில் குழுமத்துக்குச் சந்தை வைக்கும் குறைந்த விலை: என்ன சொல் வைப்பது?

ஈரோடு, அகராதிப் பணியில் இருப்பவர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வணிகச் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன. ‘சம் ஆஃப் த பார்ட்ஸ்’ மதிப்பீட்டுக்குப் ‘பகுதிக்கூட்டு மதிப்பீடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒரே நிறுவனம் நூற்பாலை, பம்புசெட், காற்றாலை என மூன்றையும் நடத்தினால் ஒவ்வொன்றையும் அந்தந்தத் தொழிலின் அளவுகோலில் மதிப்பிட்டு, கூட்டி, கடனைக் கழிப்பதை இது சரியாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். அப்படிக் கூட்டி வந்த தொகையைவிடச் சந்தை குறைத்து விலை வைப்பதுதான் ‘காங்ளாமரேட் டிஸ்கவுண்ட்’. இதற்குக் ‘குழுமத் தள்ளுபடி’ என்று போட்டால் பொருந்துமா?

திருப்பூர், பின்னலாடை உற்பத்தியாளர்:

ஐயா, தள்ளுபடி என்றால் விற்பவர் இசைந்து குறைப்பது. இங்கே யாரும் இசைந்து குறைக்கவில்லையே. எங்கள் குடும்பத்தில் பின்னலாடை, சாய ஆலை, கிடங்கு எல்லாம் ஒரே நிறுவனத்தில் இருந்தன. பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது மதிப்பீட்டாளர் ஒவ்வொரு தொழிலின் வருமானத்தையும் மதிப்பிட்டு, அதற்கு மேல் இடத்தின் விலையையும் சேர்த்தார். வந்த தொகையைக் கொடுத்து வாங்க வெளியில் ஒருவரும் தயாராக இல்லை. நீங்கள் சொல்வதும் இதுதானே? ‘பாகமதிப்பு’, ‘பாகக் குறைவு’ என்றே வைக்கலாம்.

கோவை, பங்கு ஆய்வாளர்:

ஐயா, உங்கள் வீட்டில் நடந்தது கணக்கில் நேர்ந்த இரட்டிப்பு. ஓடுகிற சாய ஆலையின் வருமானத்தை மதிப்பிட்டால் அந்த இடத்தின் பயனும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இடத்தை விற்பதாக வைத்துக்கொண்டால் ஆலை நின்றுபோகும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். சும்மா கிடக்கும் நிலத்தை மட்டும் தனியாகச் சேர்க்கலாம்.

ஆனால் உங்கள் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. ‘தள்ளுபடி’ என்று நாம் பெயரிடும் தொகையில் பெரும்பகுதி சந்தை குறைத்ததாகவே இருக்காது, நாம் கூட்டிக் காட்டியதாக இருக்கும். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் நூற்பாலையில் 40 கோடி ரூபாய், பம்புசெட்டில் 60 கோடி. உடுமலைப் பக்கம் காற்றாலைகளும் உண்டு. அவற்றின் யூனிட்டுகளை மின்வாரியக் கட்டணத்தால் பெருக்கி, செலவு போக 20 கோடி என்று ஆய்வாளர் தாமே கணக்கிடுகிறார். நூற்பாலைக்கு அதன் லாபத்தின் 6 மடங்கு, 240 கோடி. பம்புசெட்டுக்கு 15 மடங்கு, 900 கோடி. காற்றாலைக்கு 7 மடங்கு, 140 கோடி. பட்டியலிடப்பட்ட ஒரு வார்ப்பாலையில் உள்ள பங்குகளின் சந்தை மதிப்பு 300 கோடி. மொத்தம் 1,580 கோடி. நிகரக் கடன் 280 கோடி போக 1,300 கோடி. அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்போ 910 கோடி. உடனே “30 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது” என்று அறிக்கை வந்துவிடும்.

இப்போது ஆண்டறிக்கையில் தொழில்வாரி விவரக் குறிப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஜவுளி, பம்புசெட் என இரண்டே பிரிவுகள். இரண்டின் லாபமும் சேர்ந்து 100 கோடி. ஆய்வாளரின் கூட்டோ 120 கோடி. காற்றாலை மின்சாரம் முழுவதும் நூற்பாலைக்கே போகிறது. ஆலையின் 40 கோடியில் பாதி அந்த மலிவான மின்சாரம் தந்தது. வாரியக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கினால் ஆலைக்கு 20 கோடிதான் மிஞ்சும், அதன் மதிப்பு 240-லிருந்து 120 ஆகிவிடும். தொழில்வாரி லாபங்களின் கூட்டு நிறுவனத்தின் மொத்த லாபத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை நான் முதல் வேலையாக வைத்திருப்பது இதனால்தான்.

அடுத்தது எந்தப் பிரிவின் தலையிலும் ஏற்றாத தலைமை அலுவலகச் செலவு. ஆண்டுக்கு 10 கோடி. அது ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு என்பதால் அதையும் 10 மடங்காக்கி 100 கோடி கழிக்க வேண்டும். வார்ப்பாலைப் பங்குகளை 20 கோடிக்கு வாங்கியிருந்தால், விற்கும்போது 280 கோடி லாபத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி, அதன்மேல் கூடுதல் வரிகள். ஏறத்தாழ 40 கோடி போய்விடும். மூன்றையும் கழித்தால் 1,300 கோடி 1,040 ஆகிறது. சந்தை விலையோடு உள்ள வித்தியாசம் 130 கோடி, அதாவது 12.5 சதவீதம். சந்தை உண்மையில் குறைத்தது இவ்வளவுதான். நாம் பெயர் வைக்க வேண்டியது இதற்கு.

சேலம், வணிகவியல் பேராசிரியர்:

இந்த 12.5 எனக்கு வியப்பளிக்கவில்லை. பெர்கர், ஓஃபெக் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பல்தொழில் நிறுவனங்கள் சராசரியாக 13 முதல் 15 சதவீதம் மதிப்பை இழப்பதாகக் கண்டார்கள். பல தொழில் செய்வது மதிப்பை அழிக்கிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. நம் நாட்டில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸைப் பாருங்கள். ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்துக்கொண்டு 3 ரூபாய் 53 காசுக்குக் கிடந்த பங்கு, 2024 அக்டோபர் 29 அன்று நடந்த சிறப்பு ஏலத்துக்குப் பின் அன்றே 2,36,250 ரூபாய்க்குப் போனது. இதைவிடப் பெரிய குழுமத் தள்ளுபடி உண்டா? ஆகவே ‘பல்தொழில் மதிப்பிழப்பு’ என்பதே என் பரிந்துரை.

கோவை, பங்கு ஆய்வாளர்:

பேராசிரியர் ஐயா, எல்சிட் பல தொழில் செய்யும் குழுமம் அல்ல, பங்குகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம். அந்தப் பழைய விலையில் விற்க எவரும் முன்வரவில்லை, அதனால் அது விலையாகவே இயங்கவில்லை. இந்த இரண்டு வகைக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

1995 ஆய்வு உண்மை. ஆனால் 2002-இல் காம்பா, கேடியா இருவரும் வேறொன்றைக் காட்டினார்கள். பல தொழிலுக்குப் போகும் நிறுவனங்கள் பல, போவதற்கு முன்பே மலிவாகத்தான் இருந்தன. சொந்தத் தொழில் மந்தமானதால் அடுத்ததைத் தேடியிருக்கலாம். அதைக் கணக்கில் கொண்டால் குறைவு சுருங்குகிறது, சில வேளை மறைந்தே போகிறது. எனவே ‘இழப்பு’ என்ற சொல் நிரூபிக்கப்படாத காரணத்தைப் பெயருக்குள் திணிக்கிறது.

என் உதாரணத்தில் மீந்த 130 கோடிக்கு நான் காணும் காரணம், பம்புசெட்டில் வரும் பணம் எங்கே போகிறது என்பது. அது பங்காதாயமாக வராமல் நூற்பாலையில் புதிய கதிர்களாக மாறினால், 15 மடங்கு மதிப்புள்ள தொழிலின் பணம் 6 மடங்கு தொழிலில் முடங்குகிறது. சிறு பங்குதாரரால் அதைத் தடுக்கவும் முடியாது, பம்புசெட்டை மட்டும் வாங்கவும் முடியாது. அடுத்த பத்தாண்டும் இப்படித்தான் போகும் என்று சந்தை எண்ணினால் இன்றே விலையைக் குறைத்துவிடுகிறது. ஐடிசி தன் ஹோட்டல் தொழிலைப் பிரித்து 2025 ஜனவரியில் தனியே பட்டியலிட்டதற்கு முன், முதலீட்டாளர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டது இதைத்தான்: சிகரெட்டில் வரும் பணம் ஹோட்டல் கட்டப் போகிறது என்று.

திருப்பூர், பின்னலாடை உற்பத்தியாளர்:

அம்மா, ஒன்று கேட்கிறேன். நூல் விலை சரிந்து வங்கி கையை விரித்த காலத்தில், அந்தப் பம்புசெட் பணம்தானே ஆலையைக் காப்பாற்றும்? எங்கள் சாய ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் பின்னலாடைதான் கூலி கொடுத்தது.

கோவை, பங்கு ஆய்வாளர்:

காப்பாற்றும் ஐயா. கடன் எளிதில் கிடைக்காத நாடுகளில் குழுமங்களுக்கு அந்தப் பலம் உண்டு என்று கன்னா, பலெபு இருவரும் 1997-லேயே எழுதினார்கள். ஆலை பிறகு மீண்டதா, மீளாமல் பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் குறைவா, கூடுதலா என்பது. சில குழுமங்களுக்குச் சந்தை கூட்டுத்தொகைக்கு மேலேயும் விலை தருகிறது.

ஈரோடு, அகராதிப் பணியில் இருப்பவர்:

அப்படியானால் இரண்டு சொல் தேவைப்படுகிறது. குழுமம் என்பதற்காக ஆய்வாளர் தம் கணக்கில் தாமே 20 சதவீதம் என்பதுபோல் முன்கூட்டியே குறைத்துக்கொள்வது ஒன்று. சந்தை விலையோடு ஒப்பிட்டபின் தெரியவரும் இடைவெளி மற்றொன்று. முன்னதற்குக் ‘குழுமக் கழிவு’, பின்னதற்குக் ‘குழும விலைத்தாழ்வு’ என்று குறிக்கிறேன். ‘பகுதிக்கூட்டு மதிப்பீடு’ அப்படியே இருக்கட்டும்.

திருப்பூர், பின்னலாடை உற்பத்தியாளர்:

‘விலைத்தாழ்வு’ நன்று. ‘கழிவு’ மட்டும் வேண்டாம். நொய்யல் கரையில் அந்தச் சொல்லுக்குச் சாயக்கழிவு என்ற ஒரே பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சேலம், வணிகவியல் பேராசிரியர்:

வணிகக் கணக்கியல் பாடநூல்களில் ‘கழிவு’ நெடுங்காலமாக இருக்கிறது, மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு உடன்பாடில்லை. முதலீட்டு நிறுவனங்களுக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ‘பங்குடைமைத் தாழ்வு’ சரிவருமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.